பம்ப் சோதனைப் பிரிவு இன்டர்ன்ஷிப்: என் முடிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஜூன் மாதம் தொடங்கும் இன்டர்ன்ஷிப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்து நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி. நன்றாக யோசித்து, வீட்டிலும் பேசிய பிறகு இதை எழுதுகிறேன். இந்த வாய்ப்பை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. திருப்பூரில் சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்றில் இதே இரண்டு மாதங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே சேர முடிவு செய்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொன்னால் போதும் என்றீர்கள். முடிவு உறுதியான பிறகும் உங்களைக் காக்க வைப்பது சரியில்லை என்பதால் இன்றே சொல்லிவிடுகிறேன்.

காரணத்தை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்வதுதான் மரியாதை. எங்கள் ஊர் சென்னிமலைக்குப் பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய அணை, சாயத்தண்ணீர் தேங்கும் இடமாகிப் போனதை நீங்களும் அறிவீர்கள். எங்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போனதைத் தாத்தா இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார். 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாதபடி சுத்திகரித்தால்தான் மீண்டும் இயங்கலாம் என்றானது. நான் மெக்கானிக்கல் எடுத்ததே ஒருநாள் அந்த வேலைக்குள் போக வேண்டும் என்றுதான்.

ஆர்.ஓ.வில் பெரும்பகுதித் தண்ணீர் மீண்டு வந்துவிடுகிறது. மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கும் எவாப்பரேட்டரில்தான் நீராவிச் செலவு அதிகம். ஒரு கட்டத்தில் எழும் ஆவியைக் கொண்டே அடுத்த கட்டத்தைச் சூடாக்கியும் செலவு கட்டுப்படி ஆவதில்லை என்கிறார்கள். அந்த வெப்பக் கணக்குத்தான் என் இறுதியாண்டு ப்ராஜெக்ட். ஓடுகிற நிலையத்தில் நேரில் அளவெடுக்காமல் அதைச் செய்ய முடியாது. அதற்கு அனுமதி தருவதாக அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

உதவித்தொகை இதற்குக் காரணம் இல்லை ஐயா. நீங்கள் தருவதாகச் சொன்னதைவிட அங்கே குறைவுதான். தினமும் பஸ்ஸில் போய் வரவும் வேண்டும்.

நேர்காணல் முடிந்ததும் என்னை அனுப்பிவிடாமல், டெஸ்ட் பெட்டுக்கு அழைத்துப் போய் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூட வைத்து, ஹெட் ஏற ஏற டிஸ்சார்ஜ் எப்படிக் குறைகிறது என்று என்னையே குறித்துக்கொள்ளச் சொன்னீர்கள். புத்தகத்தில் கோடாக மட்டும் பார்த்திருந்த வளைவை நானே புள்ளி வைத்து வரைந்தது அன்றுதான். இன்னும் வேலைக்கே சேராத ஒரு மாணவிக்காக நீங்களும் அங்கிருந்த அண்ணன்மாரும் அவ்வளவு நேரம் ஒதுக்கினீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ளாதீங்க. இது என் சொந்த முடிவு. இதை எங்கள் துறைத் தலைவரிடமும் இன்று காலை நேரில் சொல்லிவிட்டேன். வருடா வருடம் எங்கள் கல்லூரிப் பிள்ளைகளை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். என்னால் அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்கு அந்த வழி அடைபட்டுவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம். அன்று என்னோடு நேர்காணலுக்கு வந்த எங்கள் வகுப்பு மாணவர்களில் இருவருக்கு இன்னும் எங்கும் இடம் அமையவில்லை. பம்ப் துறையிலேயே வேலைக்குப் போகும் விருப்பம் அவர்களுக்கு உண்டு. இதைப் பரிந்துரையாகச் சொல்லவில்லை. என் இடத்தை நிரப்ப யோசிக்கும்போது உங்களுக்கு உதவலாம் என்றுதான் தெரிவிக்கிறேன்.

சுத்திகரிப்பு நிலையமும் பம்ப் இல்லாமல் ஓடாது. ஆர்.ஓ.வுக்குத் தண்ணீரைத் தள்ளும் உயர் அழுத்தப் பம்புகள் எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன என்பதும் என் ப்ராஜெக்டில் வரும். அப்போது சந்தேகம் வந்தால் உங்களிடம் கேட்கலாமா ஐயா? ப்ராஜெக்ட் முடிந்ததும் அறிக்கையின் ஒரு பிரதியை உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

சேர்க்கைக்காக நான் கொடுத்த போட்டோவையும் சான்றிதழ் நகல்களையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. கையெழுத்திட்டுத் தர வேண்டிய படிவம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், கணபதியில் உள்ள உங்கள் கம்பெனிக்கு நேரில் வந்தே தந்துவிடுகிறேன். அப்புறம், டெஸ்ட் பெட் அண்ணன்மாருக்கும் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மிகுந்த நன்றியுடன்,
கீர்த்தனா
மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் இன்ஜினியரிங்