ஒன்பதாம் வாய்ப்பாடு: டீச்சரம்மா நேர்காணலுக்கான இணைப்புரைகளும் கேள்விகளும்

பதிவுக்கு முன்

பதிவு யாங்கோனில் டீச்சரம்மாவின் வீட்டுக் கூடத்திலேயே, பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் இரைச்சல் எழுவதற்கு முன்பாகக் காலை ஆறரை மணிக்குத் தொடங்கும். மூன்று முறை மறுத்தவர், பெயர் சொல்லக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, இன்றைய அரசியலைத் தொடக் கூடாது என்ற நிபந்தனைகளோடுதான் இசைந்திருக்கிறார். "நான் பார்த்ததை மட்டும் கேள், நான் நினைத்ததைக் கேட்காதே" என்றும் சொல்லியிருக்கிறார். கீழே உள்ள கேள்விகள் அந்த வாக்கை வைத்தே எழுதப்பட்டவை. ஒலிவாங்கியை முகத்துக்கு நேரே நீட்டாமல், அவர் வெற்றிலை மடிக்கும் மேசைமேல் வைக்கவும்.

தொடக்க இணைப்புரை

வணக்கம். இன்று நான் பேசப்போவது, கோயில் மண்டபத்துத் தரையில் மணலைப் பரப்பி எனக்கு முதல் எழுத்தைச் சொல்லித்தந்தவரோடு. 1965இல் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, இந்த ஊரில் தமிழ் படிக்க எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபங்களே துணையாயின. அவர் விருப்பப்படி பெயரைச் சொல்லவில்லை. அவரிடம் படித்தவர்களுக்குக் குரலே போதும்.

முதல் பகுதி

டீச்சர், சிலேட்டு இருந்தும் எங்களை ஏன் முதலில் மணலில் எழுத வைத்தீர்கள்?

மழைக்காலத்தில் அந்த மணல் நனையாமல் இருக்க எங்கே வைத்திருந்தீர்கள்?

வீட்டில் பர்மியப் பேச்சும் தமிழும் கலந்து பேசிய பிள்ளைகளுக்கு ழகரத்தை எப்படிப் பழக்கினீர்கள்?

(இவை எளிய கேள்விகள்தாம். ஆனால் மூன்றாவதற்கு அவர் நாக்கை மடித்துச் செய்துகாட்டுவார் என்பது மாணவர்கள் அனைவருக்கும் தெரியும். அவர் சிரித்தபின் அடுத்த பகுதிக்குப் போகலாம். சிரிக்காவிட்டால் இங்கேயே இன்னும் சற்று நேரம் இருக்கலாம்.)

இணைப்புரை

1964 மே மாதம் 17ஆம் தேதி ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவை என்று அரசு அறிவித்தது. அந்த ஆண்டில் கடைகளும் அரசின் கைக்குப் போயின; பல தலைமுறையாக இங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறிச் சென்னைக்குச் சென்றன. அப்போது டீச்சருக்குப் பதினேழு வயது. தந்தையின் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பகுதி

அந்தச் செய்தி கடைக்கு வந்தபோது உங்கள் கையில் என்ன வேலை இருந்தது?

அப்பா கல்லாப்பெட்டியைத் திறந்து நோட்டுகளை எண்ணினாரா, அல்லது அப்படியே மூடிவிட்டாரா?

கடைச் சாவியை யாரிடம், எந்த இடத்தில் கொடுத்தீர்கள்?

அண்ணன்மார் கப்பலுக்குப் புறப்பட்ட அன்று வீட்டில் என்ன சமைத்தீர்கள்?

(“நீங்கள் மட்டும் ஏன் போகவில்லை?” என்று கேட்கக் கூடாது. கேட்போர் எல்லாருக்கும் அந்தக் கேள்வி மனத்தில் எழும். எனக்கும் முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் அவர் முதன்முறை மறுத்ததற்குக் காரணமே அதுதான். சமையலைக் கேட்டால் தாமாகவே அங்கே வந்து சேரலாம், வராமலும் இருக்கலாம். மௌனமானால் மனத்துக்குள் பத்து எண்ணவும். அதற்குள் அவர் வெற்றிலையை எடுத்தால் அடுத்த இணைப்புரையைப் படிக்கவும்.)

இணைப்புரை

1987 செப்டம்பரில் மறுபடியும் இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து கியாட் நோட்டுகள் செல்லாமற்போயின. அதன்பின் புழக்கத்துக்கு வந்தவை நாற்பத்தைந்தும் தொண்ணூறும். இரண்டும் ஒன்பதால் வகுபடும் எண்கள். நான் அப்போது மண்டபத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம் டீச்சர் மற்ற எல்லா வாய்ப்பாட்டையும் நிறுத்திவிட்டு, ஒன்பதாம் வாய்ப்பாட்டை மட்டும் எங்களைச் சொல்ல வைத்தார்.

மூன்றாம் பகுதி

டீச்சர், எங்களுக்கு அன்று ஒன்பதாம் வாய்ப்பாடு எதற்கென்று சொல்லவே இல்லையே. கடையில் சில்லறை வாங்கத் தடுமாறக் கூடாது என்பதற்காகவா?

ஒரு நாற்பத்தைந்து கியாட் நோட்டைக் கொடுத்து இருபத்தெட்டு கியாட்டுக்கு அரிசி வாங்கினால் மீதி எவ்வளவு என்று நீங்கள் கேட்டீர்கள். நான் தப்பாகச் சொன்னேன். நினைவிருக்கிறதா?

சேர்த்து வைத்த பணம் ஒரே வாழ்க்கையில் இரண்டு முறை காகிதமானபின், மூன்றாவதாக எதில் சேமிக்கத் தொடங்கினீர்கள்?

(கடைசிக் கேள்வி அவர் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, நினைத்ததைக் கேட்பதாக அவருக்குப் பட்டால், “எந்தப் பெட்டியில் வைத்தீர்கள்?” என்று மாற்றிக்கொள்ளவும். அலமாரிக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. நாமாக அதைப் பார்க்கக் கூடாது.)

நிறைவு இணைப்புரை

டீச்சரின் நிபந்தனைகளை மீறாமல் பேசியிருக்கிறோம் என்று நம்புகிறேன். ஒலிப்பதிவை முதலில் அவரே கேட்பார். அவர் நீக்கச் சொன்ன பகுதி உங்களுக்கு வந்து சேராது. டீச்சர், இருபத்தெட்டு போனால் மீதி பதினேழு.