என்ட்ரிக்கு முன் ஐந்து கேள்விகள்

குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். ஒரு பங்கை வாங்க ஆர்டர் போடும் முன் பதில் எழுத, உங்கள் கையில் இருக்கும் அட்டையில் ஐந்தே கேள்விகள். தினசரி சார்ட்டில் டிரெண்ட் எந்தப் பக்கம்? விலை இறங்காமல் தாங்கும் சப்போர்ட், ஏறாமல் தடுக்கும் ரெசிஸ்டன்ஸ் அருகில் எங்கே? நஷ்டத்தை நிறுத்தி வெளியேறும் ஸ்டாப்லாஸ் எந்த விலை? எத்தனை பங்கு? இன்று கம்பெனி ரிசல்ட்டோ ரிசர்வ் வங்கி அறிவிப்போ இருக்கிறதா?

நான்காவது கேள்வியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். ஒரு பங்கு 412 ரூபாயில் இருக்கிறது, கடைசியாக இறங்கித் திரும்பிய விலை, அதாவது ஸ்விங் லோ, 403 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாப்லாஸை 402-இல் வைத்தால் பங்குக்கு 10 ரூபாய் ரிஸ்க். உங்கள் மூலதனம் ஒரு லட்சம் ரூபாய், ஒரு டிரேடில் 1 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்றால் 1,000 ரூபாய். அப்படியானால் 100 பங்குதான். எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் 101 கிடையாது. பங்கு கேப் டவுனில், அதாவது ஸ்டாப்லாஸுக்கும் கீழே குதித்துத் திறந்தால், நஷ்டம் இதைவிடக் கூடுதலாகவும் போகலாம், அதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம் மேலே பாருங்கள். 418-இல் ரெசிஸ்டன்ஸ் இருந்தால் 6 ரூபாய்க்காக 10 ரூபாயைப் பணயம் வைக்கிறீர்கள். அந்த டிரேடை விட்டுவிடுங்கள்.

காலை 9:15-க்குச் சந்தை திறந்ததும் கை பரபரக்கும். பதில்களைப் பேனாவால் எழுதுங்கள். மனசுக்குள் சொன்னால் நமக்குச் சாதகமாகவே பதில் வரும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஆர்டர் வேண்டாம்.

சரி, திரையில் இருக்கும் சார்ட்டுக்கு முதல் கேள்வியை எல்லோரும் எழுதுங்கள். ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளலாம்.