இரண்டு ஜெயந்தி

அறுவை சிகிச்சை வார்டில் கேட்ட பழைய ஃபைலை முருகேசன் தேடி எடுத்தார். எஸ். ஜெயந்தி, வயது 52, வியாசர்பாடி. நாளைக் காலை ஆபரேஷன். 2019 டிஸ்சார்ஜ் சம்மரியில் ரத்த வகை பி பாசிட்டிவ். வார்டிலிருந்து வந்த புது லேப் சீட்டில் ஓ பாசிட்டிவ்.

வயசானால் மாறுகிற சமாச்சாரமா அது?

சீட்டை மறுபடி பார்த்தார். பெயரும் இனிஷியலும் சரி. ஐபி எண்ணில் மட்டும் கடைசி இலக்கம் வேறு. கம்ப்யூட்டரில் போட்டதும் வந்தது: எஸ். ஜெயந்தி, வயது 25, பெரம்பூர், பிரசவ வார்டு. இவருக்கு எஸ் என்றால் சேகர், அவளுக்குச் சுந்தரம். இனிஷியலை நம்பி ஃபைல் கட்டினால் இப்படித்தான்.

உடனே வார்டுக்கு ஃபோன் போட்டார்.

"சிஸ்டர், வியாசர்பாடி அம்மாவுக்கு ரத்தம் ஏற்பாடு பண்ணியாச்சா?"

"இப்பதான் சீட்டு எழுதுறேன் அண்ணே."

"நிறுத்துங்க. அது வேற ஜெயந்தியோட ரிப்போர்ட். அந்தப் பொண்ணோட ஃபைல்ல இவங்க ரிப்போர்ட் போயிருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்க."

போயிருந்தது. ஹீமோகுளோபின் 8 என்று பார்த்து, அந்தப் பெண்ணின் மாமியார் காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாராம்.

இரண்டு பேருக்கும் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். முருகேசன் இரண்டு அட்டைகளிலும் சிவப்பு மையில் கணவர் பெயரை முழுசாக எழுதி, 'இதே பெயரில் இன்னொருவர் உண்டு' என்று சீட்டு ஒட்டினார்.

வியாசர்பாடி ஜெயந்திக்குத்தான் கோபம்.

"நேத்துதானே குத்துனீங்க? திரும்பவுமா?"