பில் எண் 0318: மூன்று பேருக்குப் போகவர விமான டிக்கெட்

பில் தேதி: 12-03-2025
பெறுநர்: திரு. இளங்கோவன் குடும்பத்தினர் (பெரியவர் 2, ஏழு வயதுக் குழந்தை 1)
புக்கிங் குறியீடு: K7QW2M
டிக்கெட் எண்களின் கடைசி நான்கு இலக்கங்கள்: 4471, 4472, 4473
புறப்பாடு 14-05-2025, திரும்புதல் 02-06-2025, எகானமி வகுப்பு, நேரடி விமானம்
தொகைகள் அனைத்தும் டாலரில்.

அ. விமான நிறுவனத்துக்குப் போவது

| விவரம் | கணக்கு | தொகை |
|---|---|---|
| அடிப்படைக் கட்டணம், பெரியவர் | 640.00 × 2 | 1,280.00 |
| அடிப்படைக் கட்டணம், குழந்தை | 480.00 × 1 | 480.00 |
| விமான நிறுவனத்தின் கூடுதல் கட்டணம் (YQ) | 90.00 × 3 | 270.00 |
| மொத்தம் | | 2,030.00 |

குழந்தைக்கு அடிப்படைக் கட்டணத்தில் 25 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். YQ-வில் சலுகை இல்லை. சீட்டுக்கு இவ்வளவு என்று மூவருக்கும் ஒரே தொகைதான்.

ஆ. பிறருக்காக வசூலித்தது

| விவரம் | கணக்கு | தொகை |
|---|---|---|
| புறப்படும் விமான நிலையத்தின் பயணி சேவைக் கட்டணம் | 31.50 × 3 | 94.50 |
| பாதுகாப்புக் கட்டணம் | 8.20 × 3 | 24.60 |
| திரும்பும்போது அந்நாட்டு அரசின் புறப்பாட்டு வரி | 46.00 × 2 | 92.00 |
| அங்குள்ள விமான நிலையத்தின் பயணிக் கட்டணம் | 27.30 × 3 | 81.90 |
| மொத்தம் | | 293.00 |

புறப்பாட்டு வரியில் குழந்தைக்கு விலக்கு உண்டு. அதனால்தான் அந்த வரியில் மட்டும் இரண்டு பேர் கணக்கு.

டிக்கெட் விலை (அ + ஆ): 2,323.00
பெரியவர் ஒருவருக்கு 843.00, குழந்தைக்கு 637.00

இ. எங்கள் சேவைக் கட்டணம்

டிக்கெட் ஒன்றுக்கு 20.00 வீதம் மூன்றுக்கு: 60.00. இதற்குரிய விற்பனை வரி இந்தத் தொகையிலேயே அடங்கிவிட்டது.

| | |
|---|---|
| பில் மொத்தம் | 2,383.00 |
| 10-03-2025 அன்று பெற்ற முன்பணம் | 500.00 |
| தர வேண்டிய பாக்கி | 1,883.00 |

பாக்கியை 19-03-2025-க்குள் செலுத்தவும். டிக்கெட்டுகள் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டன. முகவர்கள் விமான நிறுவனங்களுக்குப் பணம் கட்டுவதற்காக, விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா நடத்தும் BSP என்ற ஏற்பாட்டின் தீர்வு நாளில் விமான நிறுவனத்துக்குரிய பணத்தை நான் கட்டியே ஆக வேண்டும். அதற்கு மேல் தவணை தர இயலாத காரணம் இதுதான்.

ஈ. கமிஷன் (உங்களிடம் வசூலிப்பதல்ல)

இந்தப் பயணத்துக்கு விமான நிறுவனம் எனக்கு 5 சதவீதம் கமிஷன் தருகிறது. அது அடிப்படைக் கட்டணம் 1,760.00 மீது மட்டும் கணக்கிடப்படும்: 88.00. YQ மீதோ வரிகள் மீதோ கமிஷன் கிடையாது. இந்த 88.00 மேலே உள்ள கட்டணத்துக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் பில்லில் தனியாக ஏறவில்லை. நீங்கள் தரும் 2,383.00-இல் 2,235.00 விமான நிறுவனத்துக்குப் போகும். விமான நிலையங்களுக்கும் அரசுக்கும் உரிய 293.00 அதற்குள் அடக்கம். அதை அவர்கள் உரியவர்களிடம் சேர்ப்பார்கள். என் கையில் நிற்பது 148.00: கமிஷன் 88.00, சேவைக் கட்டணம் 60.00. சேவைக் கட்டணத்தில் அடங்கிய விற்பனை வரியை இதிலிருந்து கழித்துவிட்டு, மீதியை மட்டும்தான் என் கணக்குப் புத்தகத்தில் வருமானம் என்று எழுதுகிறேன்.

குறிப்பு: நீங்கள் போனில் கேட்டதற்கு

டிக்கெட்டில் வரி என்று 563.00 ஒரே தொகையாகப் போட்டிருக்கிறதே, அரசு இவ்வளவா வாங்குகிறது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி, ஐயா. அந்த 563.00-இல் 270.00 வரியே அல்ல, அது YQ. எரிபொருள் முதலிய செலவுகளுக்காக விமான நிறுவனம் தானே நிர்ணயித்துத் தானே வைத்துக்கொள்ளும் பணம். வரிப் பட்டியலில் ஒரு குறியீடாக அச்சாவதால் பலர் அதையும் வரி என்றே நினைத்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்த பில்லில் அதை 'அ' பகுதிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். உண்மையில் பிறருக்குச் சேர்வது 293.00 மட்டுமே.

இந்தப் பிரிவினை பயணம் ரத்தானால் கைகொடுக்கும். புறப்படுமுன் மூவரும் ரத்து செய்தால், இந்த டிக்கெட்டின் விதிப்படி:

அடிப்படைக் கட்டணத்தில் டிக்கெட்டுக்கு 150.00 பிடித்துக்கொண்டு 1,310.00 திரும்பும். 'ஆ' பகுதியின் 293.00 முழுதாகத் திரும்பும், ஏனென்றால் பறக்காதவருக்கு அந்தக் கட்டணங்கள் பொருந்தாது. YQ 270.00 திரும்பாது. சேவைக் கட்டணம் 60.00-உம் திரும்பாது, டிக்கெட் எடுத்துத் தந்த வேலை முடிந்துவிட்டதே. ஆக, உங்களுக்கு வருவது 1,603.00. திருப்பித் தரும் கட்டணத்துக்குரிய கமிஷனை விமான நிறுவனம் என்னிடமிருந்து பிடித்துக்கொள்ளும். அதை உங்கள் தொகையில் கழிக்க மாட்டேன்.

விமானத்துக்கு வராமலேயே விட்டுவிட்டால் அடிப்படைக் கட்டணம் முழுவதும் போய்விடும். வர முடியாது என்று தெரிந்தால் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள். இரவானாலும் பரவாயில்லை.

டிக்கெட்டில் உள்ள பெயர்களைப் பாஸ்போர்ட்டுடன் ஒருமுறை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தையின் பெயரில் தந்தை பெயர் கடைசியில் வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று இன்றே சொன்னால் நல்லது.

செ. பூங்கொடி
பயண முகவர்