ஒப்புதலைத் திரும்பப் பெற்று, கணக்கை மூடித் தகவல்களை அழிக்கக் கோரும் கடிதம்

அனுப்புநர்:
சு. முத்துலட்சுமி,
திருநகர் 3-ஆவது நிறுத்தம்,
மதுரை - 625006.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இணையவழி மருந்து விற்பனை நிறுவனம்,
சென்னை.

(மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் அனுப்பப்படுகிறது)

பொருள்: தகவல்களைப் பயன்படுத்த அளித்த ஒப்புதலைத் திரும்பப் பெறுதல் - கணக்கை மூடக் கோருதல் - தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

4417 என முடியும் என் கைப்பேசி எண்ணில் 2021-இல் உங்கள் செயலியில் கணக்கு தொடங்கி, என் தாயாரின் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை மாதந்தோறும் வாங்கி வந்தேன். அக்கணக்குக்காக நானும் என் தாயாரும் அளித்த ஒப்புதல் அனைத்தையும் இக்கடிதத்தின் வாயிலாகத் திரும்பப் பெறுகிறோம். மருந்துச் சீட்டுகள் என் தாயாருடையவை என்பதால் அவரும் தனியே கையொப்பமிட்டுள்ளார்.

இதைச் செயலியிலேயே முடித்துக்கொள்ளத்தான் முதலில் முயன்றேன். கணக்கை நீக்கும் பொத்தானை அழுத்தினால், வாலட்டில் உள்ள 86 ரூபாயைச் செலவழித்த பிறகே நீக்க முடியும் என்று வருகிறது. வாடிக்கையாளர் சேவையைக் கேட்டபோது, செயலியைக் கைப்பேசியிலிருந்து எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். செயலியை எடுத்துவிட்டால் என் கைப்பேசியில் இடம் மிஞ்சுமே தவிர, உங்கள் சர்வரில் உள்ள சீட்டுகள் அங்கேயேதான் இருக்கும். இதற்கிடையே, நாங்கள் ஒருபோதும் தொடர்புகொள்ளாத ஓர் ஆய்வகத்திலிருந்து என் தாயாரின் பெயரைச் சொல்லி, சிறுநீரகப் பரிசோதனைக்குச் சலுகை இருப்பதாக அழைப்பு வந்தது. அந்தப் பரிசோதனை எழுதப்பட்ட சீட்டை உங்கள் செயலியைத் தவிர வேறெங்கும் நாங்கள் பதிவேற்றியதில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் கீழ் 2011-இல் வெளியான தனிப்பட்ட தகவல் பாதுகாப்பு விதிகளில் 5(7)-ஆவது விதி, அளித்த ஒப்புதலை எழுத்து மூலம் திரும்பப் பெறும் உரிமையை எங்களுக்குத் தருகிறது. மருத்துவப் பதிவுகளையும் வங்கி அட்டை விவரங்களையும் அதே விதிகள் சிறப்புப் பாதுகாப்புக்குரியவையாக வகைப்படுத்துகின்றன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இல் ஒப்புதலைத் திரும்பப் பெறுவது பற்றியும் தரவை அழிப்பது பற்றியும் உள்ள பிரிவுகள் 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வருகின்றன என்பதை அறிவேன். எனவே அதுவரை காத்திருக்கச் சொல்லும் பதில் வேண்டாம். இன்று நடப்பில் உள்ள விதியின்படியே இக்கோரிக்கையை வைக்கிறேன்.

அழிக்க வேண்டியவை எவை என்பதில் ஐயம் எழாதிருக்கக் குறிப்பிட்டே சொல்லிவிடுகிறேன். அரசு இராசாசி மருத்துவமனை வெளிநோயாளர் சீட்டு உள்ளிட்ட எல்லா மருந்துச் சீட்டுப் படங்கள், அவற்றிலிருந்து நீங்கள் தொகுத்த நோய், மருந்து விவரங்கள், என் தாயாரின் பெயரும் வயதும், எங்கள் வீட்டு முகவரி, ஒருமுறை மருந்து அனுப்புவதற்காகக் கொடுத்த மேலூர் அக்கா வீட்டு முகவரியும் கைப்பேசி எண்ணும், இருப்பிடப் பதிவுகள், தேடல் வரலாறு, வங்கி அட்டைக்கான டோக்கன், வாடிக்கையாளர் சேவையின் உரையாடல் பதிவுகள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். பெயரை மட்டும் மறைத்துவிட்டு மற்றவற்றை வைத்திருப்பதை அழித்ததாக ஏற்க இயலாது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்துக்காக விலைப்பட்டியல்களை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு உண்டு. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் விலைப்பட்டியலைக் காரணம் காட்டி மருந்துச் சீட்டையும் சேர்த்து வைத்திருக்கலாகாது. சட்டப்படி நீங்கள் வைத்திருக்கப்போகும் ஆவணங்கள் எவை, எந்தச் சட்டத்தின்படி, எவ்வளவு காலத்துக்கு என்பதைப் பதிலில் தெரிவியுங்கள்.

எங்கள் தகவல்களை ஆய்வகங்கள், காப்பீட்டு முகவர்கள், விளம்பர நிறுவனங்கள் என யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்பதையும், அவர்களிடமிருந்தும் அவற்றை அழிக்கச் செய்தீர்களா என்பதையும் அறியத் தர வேண்டும். எங்களைப் பொறுத்தவரை இக்கடிதத்தில் முதன்மையான கேள்வி இதுதான்.

வாலட்டில் உள்ள 86 ரூபாயை, கடைசியாகப் பணம் செலுத்திய வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்பலாம். தொகை சிறியதுதான், எனினும் கணக்கை மூடாமலிருக்க அது காரணமாகக் கூடாது. அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டுமெனில், பதிவான எண்ணுக்கு ஓடிபி அனுப்பினால் போதுமானது. தகவலை அழிக்கக் கேட்பவரிடம் ஆதார் நகல் என்று இன்னொரு தகவலை வாங்கி வைப்பது பொருந்தாது; அதனால் அதை இணைக்கவில்லை.

அதே விதிகளின் 5(9)-ஆவது விதிப்படி, குறையைப் பெற்ற நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அதை நீங்கள் தீர்க்க வேண்டும். கணக்கு மூடப்பட்ட நாள், அழிக்கப்பட்டவற்றின் விவரம் ஆகியவற்றுடன் எழுத்து வடிவில் பதில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். நம்பிக்கையுடன் தரப்பட்ட தனிப்பட்ட தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளியிடுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறையாகும். உரிய காலத்தில் பதில் வராவிடில், நாங்கள் வசிக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவோம்.

இப்படிக்கு,
சு. முத்துலட்சுமி (கணக்கு வைத்திருப்பவர்)
சு. பாக்கியம் (தாயார்)

இடம்: மதுரை
நாள்: 12.01.2026

இணைப்பு: வாலட் தொகை குறித்த செயலியின் திரைப்பிடிப்பு, வாடிக்கையாளர் சேவை அளித்த பதிலின் நகல்.