பெரியப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி: என்ன எழுதியிருக்கிறது, என்ன செய்ய வேண்டும்

பெரியம்மா, அண்ணன், அண்ணி, தம்பி எல்லாருக்கும்,

நேற்று இரவு தம்பி அனுப்பிய இரண்டு படங்களையும் டியூட்டி முடிந்து வந்ததும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். பெரியம்மா போனில் அழுதது காதிலேயே நிற்கிறது. அதனால் அவசரமாக நாலு வரி அனுப்பாமல், உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். பதினான்கு வருஷமாக இருதய வார்டில் நர்ஸாக இருக்கிறேன், இந்த மாதிரித் தாள்கள் தினமும் என் கை வழியாகப் போகின்றன. ஆனால் பெரியப்பாவை நேரில் பார்த்தவர் புதுச்சேரி டாக்டர்தான். நான் சொல்வதும் அவர் சொல்வதும் எங்கேயாவது மாறினால் அவர் சொல்வதையே செய்யுங்கள்.

தாளில் இருப்பதற்கு முன்னால், தாளில் இல்லாத ஒன்று. இன்றே பார்க்க வேண்டியது இதுதான். திருப்பாதிரிப்புலியூர் டாக்டர் எழுதிக் கொடுத்து பெரியப்பா ஆறேழு வருஷமாகப் போட்டுவந்த பழைய மாத்திரைகள் வீட்டு பிஸ்கட் டப்பாவில் இருக்குமே, அதை எடுத்துத் தனியாக வையுங்கள். அதில் பிரஷருக்கு அட்டினோலால் இருப்பதாக அண்ணி சொன்னார்கள். புதுத் தாளில் மெட்டோப்ரோலால் 25 எழுதியிருக்கிறார்கள். பெயர் வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே குடும்பம், நாடித் துடிப்பைக் குறைப்பவை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் துடிப்பு ரொம்பவும் இறங்கி, மனிதர் எழுந்து நிற்கும்போதே தலை சுற்றி விழுந்துவிடலாம். சர்க்கரை மாத்திரையும் அப்படித்தான்: பழைய அட்டையில் கம்பெனி பெயர் வேறு, உள்ளே இருப்பது அதே மெட்ஃபார்மின். எனவே புதுத் தாளில் உள்ளதை மட்டும் கொடுங்கள். தாளின் மேலே ஆஸ்பத்திரி எண் இருக்கிறது. அண்ணன் இன்று காலையிலேயே கூப்பிட்டு, "பழைய மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா, அதில் பிரஷருக்கு இருக்கும் இன்னொரு மாத்திரையான அம்லோடிபினைத் தொடர வேண்டுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

சரி, இனி பயமுறுத்திய வார்த்தைகள்.

"இன்ஃபீரியர் வால் எம்ஐ" என்பதைப் பார்த்து இதயம் தரம் கெட்டுப் போய்விட்டது என்று எழுதியிருப்பதாகத் தம்பி நினைத்திருக்கிறான். அப்படி இல்லை. இன்ஃபீரியர் என்றால் இங்கே கீழ்ப்பக்கம். இதயத்தின் அடிப்பக்கச் சுவருக்கு ரத்தம் போகாமல் அந்தத் தசை அடிபட்டிருக்கிறது, அதாவது ஹார்ட் அட்டாக். அந்த இடம் வயிற்றுக்கு மேலேயே இருப்பதால் சிலருக்கு நெஞ்சு வலிக்காமல் மேல்வயிறு எரிவது போலவும் வாந்தி வருவது போலவும் இருக்கும். பெரியப்பா வாயு என்று நினைத்து சோடா குடித்துவிட்டுப் படுத்தது இதனால்தான். பெரியம்மா, "நான் அப்போதே கண்டுபிடித்திருக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். வார்டுக்கு வரும் படித்தவர்களும் முதலில் ஜெலுசில் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

"பிடிசிஏ வித் டிஇஎஸ் டு ஆர்சிஏ" என்பது செய்த சிகிச்சை. இதயத்துக்குப் போகும் வலப்பக்க ரத்தக்குழாயில் இருந்த அடைப்பைப் பலூன் வைத்து விரித்து, மறுபடி சுருங்காமல் இருக்க மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஸ்டென்ட் என்பது பேனா ஸ்பிரிங் போன்ற மெல்லிய உலோக வலைக்குழாய். தும்மினாலும் இருமினாலும் நகராது. வலது மணிக்கட்டு வழியாகச் செய்ததால் அங்கே நீலமாகக் கன்றியிருக்கிறது, அது மெல்ல மஞ்சளாகி மறையும். வீங்கிக்கொண்டே போனாலோ, விரல்கள் மரத்து வெளுத்தாலோ மட்டும் உடனே காட்ட வேண்டும். ஒரு வாரத்துக்கு அந்தக் கையால் தண்ணீர்க் குடம், சிலிண்டர் எதையும் தூக்க விடாதீர்கள்.

"எல்ஏடி 40%, மெடிக்கல் மேனேஜ்மென்ட்" என்ற வரியைப் பார்த்து இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்கிறதோ என்று அண்ணன் கேட்டார். இல்லை. இடப்பக்கக் குழாயில் பாதிக்கும் குறைவான படிவு இருக்கிறது, ரத்த ஓட்டத்தை அது தடுக்கவில்லை, மாத்திரையால் பார்த்துக்கொள்வோம் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்காரர்கள் எதையும் மறைக்கவில்லை.

அப்புறம் "இஎஃப் 45%, மைல்ட் எல்வி டிஸ்ஃபங்ஷன்". வீட்டில் எல்லாருக்கும் தூக்கம் போனது இதைப் பார்த்துத்தான் என்று தெரியும். இதை நூற்றுக்கு 45 மார்க் என்று படிக்கக் கூடாது. இதயம் ஒருமுறை சுருங்கும்போது உள்ளே இருக்கும் ரத்தம் முழுவதையும் யாருடைய இதயமும் வெளியே தள்ளாது. நல்ல ஆரோக்கியமான இதயமே 55 முதல் 70 சதவீதம்தான் தள்ளும். அதோடு ஒப்பிட்டால் 45 என்பது கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அட்டாக் வந்த புதிதில் தசையின் ஒரு பகுதி செத்துப்போகாமல் அதிர்ந்துபோய்ச் சோர்ந்து கிடக்கும். ரத்தம் திரும்பக் கிடைத்ததும் அது சில வாரங்களில் தெளிந்து வர வாய்ப்பு உண்டு. அதனால்தான் ஆறு வாரம் கழித்து எக்கோ திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "ஹீமோடைனமிக்கலி ஸ்டேபிள்" என்ற வரியையும் பாருங்கள்: பிரஷர், நாடி எல்லாம் நிலையாக இருக்கும்போது வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இனி மாத்திரைகள். 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று.

ஆஸ்பிரின் 75, டிக்காக்ரெலார் 90 இந்த இரண்டும்தான் ஸ்டென்டுக்குக் காவல். உள்ளே புதிதாக ஓர் உலோகம் இருப்பதால் அதன்மேல் ரத்தம் கட்டப் பார்க்கும், அதைத் தடுப்பவை இவை. உடம்பு தேறிவிட்டது, விலை கூடுதலாக இருக்கிறது, பல் பிடுங்கப் போகிறோம், சாமிக்கு விரதம், எந்தக் காரணத்துக்காகவும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்தி, ஸ்டென்ட் திடீரென்று அடைத்துத் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். டிக்காக்ரெலார் ஆஸ்பிரின் மாதிரி இல்லை, ராத்திரியும் உண்டு. ஒருவேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு ஒன்றுதான், இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. சிலருக்கு இது லேசாக மூச்சு வாங்குவது போல இருக்க வைக்கும். அப்படி இருந்தாலும், செலவு தாங்கவில்லை என்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு, அதை மாற்ற வேண்டியவர் அவர். ஷேவ் செய்யும்போது வெட்டினால் ரத்தம் நிற்க நேரமாகும், அழுத்திப் பிடித்தால் போதும். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ ரத்த வாந்தி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அட்டோர்வாஸ்டாட்டின் 80 இரவில், கொழுப்புக்கு. கெட்ட கொழுப்பான எல்டிஎல் 148 இருந்திருக்கிறது, அதை 70-க்கும் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். குழாயில் இருக்கும் படிவு மேலும் வளராமலும் வெடிக்காமலும் பார்த்துக்கொள்வதும் இதன் வேலை. ரிசல்ட் நார்மல் ஆனதும் நிறுத்திவிடும் மாத்திரை இல்லை. பூண்டுத் தண்ணீர், மருதம்பட்டைக் கஷாயம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். டாக்டரைக் கேட்காமல் எதையும் சேர்க்க வேண்டாம், மாத்திரைக்குப் பதிலாக அறவே கூடாது. தொடை, தோள் எல்லாம் காரணமில்லாமல் வலித்தால் சொல்லுங்கள்.

ராமிப்ரில் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். படத்தில் அது 2.5 என்று தெரிகிறது, ஆனால் டியூப்லைட் வெளிச்சம் விழுந்ததில் புள்ளி மங்கியிருக்கிறது. கடைக்காரர் கொடுத்த அட்டையில் 2.5 என்று இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பாருங்கள். வேறு எண் இருந்தால் கொடுக்காமல் எனக்குக் கூப்பிடுங்கள். இது இதயத்தின் பாரத்தைக் குறைப்பது. சிலருக்கு வறட்டு இருமல் வரும். வந்தால் இருமல் சிரப் வாங்கி ஊற்றிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பான்டோப்ரசோல் காலையில் வெறும் வயிற்றில், வயிறு புண்ணாகாமல் இருக்க. மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு.

கடைசியில் "எஸ்ஓஎஸ்" என்று போட்டிருப்பது சார்பிட்ரேட் 5. தினமும் போடுவதல்ல, நெஞ்சு வலி வந்தால் மட்டும். பெரியப்பாவை உட்கார வைத்து ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், விழுங்கக் கூடாது. நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் இறங்கி விழுவார். ஐந்து நிமிஷத்தில் வலி குறையவில்லை என்றால் 108. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள், புதுச்சேரிக்குத்தான் போக வேண்டும் என்றும் நிற்காதீர்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் எங்கே கொண்டுபோகச் சொல்கிறார்களோ அங்கே, கையில் இந்தத் தாளோடு. அவருக்குச் சர்க்கரை இருப்பதால் வலியே இல்லாமல் திடீரென்று வியர்த்துக் கொட்டலாம், மூச்சு முட்டலாம், தாடை இறுகலாம். அதையும் வலியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூட்டு வலிக்கு முதுநகர் மெடிக்கலில் அவர் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் இனி வேண்டாம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல், ரத்தக் கசிவையும் கூட்டும்.

சாப்பாட்டில் "சால்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நம் வீட்டில் அதற்கு அர்த்தம் கருவாடு, ஊறுகாய், அப்பளம். பெரியம்மா, துறைமுகத்து நெத்திலிக் கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது என்று தெரியும். பச்சை மீனாகக் குழம்பு வையுங்கள், பொரிக்காமல், உப்பைக் குறைத்துப் புளியையும் மிளகையும் கொஞ்சம் கூட்டி. ஹெச்பிஏ1சி 9.2 என்பது கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. அதனால் சோற்றின் அளவும் குறைய வேண்டும். "ஸ்மோக்கர்" என்று எழுதியிருப்பதை யாரும் அவரிடம் குத்திக்காட்ட வேண்டாம். பீடியை விட்டு ஐந்து நாள் ஆகிவிட்டது. அந்த ஐந்து நாளைப் பாராட்டுங்கள், திண்ணையில் வந்து பற்றவைக்கும் நண்பர்களிடம் அண்ணன் தனியாகப் பேசுங்கள்.

படுக்கையிலேயே வைக்காதீர்கள். இந்த வாரம் வீட்டுக்குள்ளும் தெருமுனை வரையும் காலை, மாலை பத்துப் பத்து நிமிஷம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். வெள்ளிக் கடற்கரை மணலில் நடப்பதெல்லாம் ரிவ்யூவில் கேட்டுவிட்டு.

ரிவ்யூ 20-ஆம் தேதி. அதற்கு முதல் நாளே சிறுநீரக ரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றுச் சர்க்கரை இரண்டும் எடுத்துவிட்டால் அங்கே காத்திருக்க வேண்டாம். இசிஜி அவர்களே எடுப்பார்கள். டிக்காக்ரெலார் 19-ஆம் தேதி காலி ஆகும் கணக்கில் கொடுத்திருக்கிறார்கள், 17-ஆம் தேதியே அடுத்த அட்டை வீட்டில் இருக்கட்டும்.

தம்பி, இரண்டாம் பக்கத்தின் கீழ் ஓரத்தில் உன் கட்டைவிரல் ஒரு வரியை மறைத்திருக்கிறது. "அவாய்டு" என்று தொடங்குகிறது, மீதி தெரியவில்லை. தாளை ஜன்னல் பக்கம் தரையில் விரித்து, மேலிருந்து நேராகப் படம் எடுத்து அனுப்பு. எல்லா மாத்திரை அட்டைகளையும் பெயர் தெரியும்படி வரிசையாக வைத்து இன்னொரு படம். ராமிப்ரில் முதல் டோஸ் இன்று ராத்திரிதான், அதற்குள் பார்த்துவிடுகிறேன். மதியம் இரண்டு மணிக்கு டியூட்டி ஏறுகிறேன், ஏழரைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நானே கூப்பிடுகிறேன்.