அருள்மிகு முத்துமாரியம்மன் ஆடித் திருவிழா: நிகழ்ச்சி நிரல்

ஓம் சக்தி

மெய்யன்பர்களே,
நிகழும் பராபவ ஆண்டு ஆடி மாதம் 19 முதல் 25 வரை (04.08.2026 – 10.08.2026) நம் தெருவில் அம்மனுக்குக் கூழ் வார்த்தல் திருவிழா நடைபெற உள்ளது. குடும்பத்துடன் வந்திருந்து அம்மன் அருள் பெற வேண்டுகிறோம்.

ஆடி 19, செவ்வாய்
காலை 6.00: பிள்ளையாருக்கு அபிஷேகம், கணபதி ஹோமம்
மாலை 6.30: அம்மனுக்கும் பூசாரிக்கும் காப்புக் கட்டுதல். ராகு காலம் 4.30 மணிக்கே முடிந்துவிடுவதால் நேரத்தில் மாற்றம் இராது. பால்குடம் எடுப்போர் மஞ்சள் ஆடையுடன் வந்து அன்றே காப்புக் கட்டிக்கொள்ளவும். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை வெளியூரில் தங்குவதில்லை என்பது வழக்கம்.

ஆடி 22, வெள்ளி
மாலை 6.00: 108 திருவிளக்கு பூஜை. குத்துவிளக்கு மட்டும் கொண்டுவந்தால் போதும். எண்ணெயும் திரியும் கோயிலில் தரப்படும்.

ஆடி 23, சனி
மாலை 6.30: தெருப் பிள்ளைகளின் பக்திப் பாடல்கள். இரவு 8.00 மணித் தீபாராதனைக்கு மணி அடித்ததும் மேடை நிகழ்ச்சி நின்றுவிடும். பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று பெற்றோர் வருந்த வேண்டாம். தீபாராதனை முடிந்ததும் அதே பிள்ளை முதலிலிருந்து பாடும்.

ஆடி 24, ஞாயிறு
காலை 5.00: கரகம் ஜோடித்தல்
காலை 7.00: பம்பை, உடுக்கையுடன் பால்குட ஊர்வலம். கரகம் முன்னே, பால்குடங்கள் பின்னே. செல்பேசியில் படம் எடுப்போர் கரகத்துக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கவும்.
காலை 9.30: பாலபிஷேகம், சந்தனக்காப்பு அலங்காரம்
நண்பகல் 12.00: அம்மனுக்குப் படைத்தபின் கூழ் வார்த்தல். வீட்டுக் கூழை 11.00 மணிக்குள் கொண்டுவந்து கொப்பரையில் சேர்க்கவும். எந்த வீட்டுக் கூழ் என்று தெரியாமல் ஒன்றாகக் கலப்பதுதான் நம் முறை. முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தையுடன் வருவோர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.
இரவு 7.00: நாதஸ்வர இசையுடன் அம்மன் திருவீதி உலா. வீட்டு வாசலில் தேங்காய், பழத் தட்டுடன் காத்திருக்கவும். பள்ளிவாசல் அருகே இரவுத் தொழுகை நேரத்தில் மேளம் நிறுத்தப்படும், வாத்தியக்காரர்களிடம் சொல்லியாகிவிட்டது. துக்கம் நடந்த வீட்டின் முன்பும் அவ்வாறே அமைதியாகக் கடப்போம்.
இரவு 9.30: அம்மன் சன்னதி சேர்ந்து நடை சாத்தியபின் தெருக்கூத்து. உலா தாமதமானால் கூத்தும் தாமதமாகும். அம்மன் வீதியில் இருக்கையில் மேடையில் திரை விலகாது. 10.00 மணிக்கு ஒலிபெருக்கி அணைக்கப்படும். அதன்பின் கலைஞர்கள் தம் சொந்தக் குரலில் விடியும்வரை ஆடுவார்கள். கூத்துக்கு அதுவே அழகு.

ஆடி 25, திங்கள்
காலை 9.30: மஞ்சள் நீராட்டு. விருப்பமில்லாதவர் மேல் ஊற்ற வேண்டாம்.
மாலை 6.00: காப்பு அவிழ்த்தல், கரகம் நீரில் விடுதல்

நன்கொடையாளர் பெயர்கள் தொகை குறிப்பிடாமல் அகர வரிசையில் கோயில் பலகையில் எழுதப்படும். வரவு செலவுக் கணக்கு ஆடி 31 அன்று அதே பலகையில் ஒட்டப்படும்.

இங்ஙனம்,
விழாக் குழுவினர் மற்றும் தெருப் பொதுமக்கள்